இருபத்து நான்காம் பாத்தி

கல்லூரியில் அவளுக்குத் தசமம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை மணி என்று கேட்டால் "ஏழு நாற்பத்திரண்டு" என்பாள். "ஏழே முக்கால்" என்று வாயில் வராது. வீட்டில் அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளக்கும் அம்மாவைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால் டேப் இல்லாமல் எதையும் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தம்பியின் உயரத்தைக் கதவு நிலையில் மாதாமாதம் கோடு போட்டுக் குறித்து வைத்ததும் அவள்தான். "என்னை விட்டுடுக்கா, நான் என்ன மரமா?" என்று அவன் ஓடுவான்.

அப்படிப்பட்டவள் பொய்க்கணக்கு எழுதுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவளும் நினைத்ததில்லை.

இறுதியாண்டில் எட்டு வாரக் களப்பயிற்சி. ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே மக்காச்சோளத்தில் ஒரு நீர்ப்பாசனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மொத்தம் இருபத்து நான்கு பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஐந்து செடிகளுக்கு அடையாள அட்டை கட்டியிருந்தார்கள். அந்த ஐந்தின் உயரத்தை அளக்க வேண்டும், இலைகளை எண்ண வேண்டும். காலை ஏழரை மணிக்குப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகரைத் திருகி, அதாவது மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புக் கம்பியைத் திருகி, பதினைந்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எண் போட்ட அலுமினிய டப்பாவில் அடைக்க வேண்டும். உடனே எடை போட்டு, நூற்றைந்து டிகிரி ஓவனில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, மறுபடி எடை போட்டால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று தெரிந்துவிடும்.

முதல் நாளே பண்ணை மேலாளர் கனமான அட்டை போட்ட களப்புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். முன்தலை நரைத்த, மெல்லப் பேசுகிற மனிதர். "வயல்ல நின்னுட்டே எழுதணும். ரூமுக்குப் போய் ஞாபகத்துல எழுதக் கூடாது. தப்பா எழுதிட்டா அழிக்காதம்மா, ஒரே ஒரு கோடு போட்டு அடி, பக்கத்துல கையெழுத்துப் போடு" என்றார். அவள் தலையாட்டினாள். இதெல்லாம் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவது மாதிரி.

இருபத்து மூன்று பாத்திகள் சொன்னபடி கேட்டன. கடைசிப் பாத்திதான் கேட்கவில்லை.

அது வயலின் மூலையில், வேலியை ஒட்டி இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு குளிர்ந்த காலையில் வெப்பமானியைச் சொருகினாள். மற்ற பாத்திகளில் பதினாறு, பதினாறரை. இங்கே இருபது புள்ளி இரண்டு. கருவி கெட்டுவிட்டதோ என்று இருபத்து மூன்றாம் பாத்திக்குத் திரும்பிப் போய்ச் சொருகிப் பார்த்தாள். பதினாறு புள்ளி நான்கு. மறுபடி இங்கே வந்தாள். இருபது புள்ளி இரண்டு. ஒரு தூக்கம் போட்டு எழுந்த உடம்பைத் தொட்டது போலிருந்தது மண். வயல் முழுக்கப் பனி விரிந்து கிடந்தது. இந்த மூலையில் மட்டும் அது தரையிலிருந்து மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

மண்ணின் நிறமும் ஒத்துவரவில்லை. ஆகர் கொண்டுவந்த மண்ணைப் பிட்டு, ஈரமாக்கி, மண் நிறங்கள் அச்சிட்ட நிற அட்டையோடு வைத்துப் பார்த்தாள். மற்ற இடங்களில் பழுப்பு. இங்கே முப்பது சென்டிமீட்டரில் சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஊடே துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். நீர் தேங்கிக் காற்றுப் போகாத மண் அப்படித்தான் மாறும் என்று பாடத்தில் படித்திருந்தாள். ஆனால் பாடத்தில் அந்த வாடையைப் பற்றி எழுதியிருக்கவில்லை. பல வருஷம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வரும் வாடை அது.

இவ்வளவையும் எழுதினாள். ஈரம் நூற்றுக்கு இருபத்தொன்று புள்ளி இரண்டு, பிறகு இருபத்திரண்டு புள்ளி ஆறு, பிறகு இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. மற்ற பாத்திகளில் பத்தொன்பதைத் தாண்டவில்லை.

களையெடுக்க வரும் பெண்கள் அந்தப் பாத்தியில் மட்டும் களையை அப்படியே விட்டிருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமையான அக்காவிடம் கேட்டாள்.

"ஏன்க்கா, அங்க மட்டும் எடுக்கல?"

அக்கா கையிலிருந்த களைக்கொத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "எடுக்கணும்தான். ஆனா அங்க குந்தினா என்னவோ மாதிரி இருக்கும்மா. காலுக்குக் கீழ யாரோ பெருமூச்சு விடுற மாதிரி. வெயில் ஏறட்டும், பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

"பெருமூச்சா?"

"நீ கேக்கலையா? கேக்கலைன்னா விடு. கேக்காம இருக்கிறதே நல்லது."

அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாத்தியில் குனியும்போதெல்லாம் காது தானாகக் கூர்மையானது.

நான்காவது வாரத்தில் அது நடந்தது. அடையாளமிட்ட மூன்றாவது செடியை அளந்தாள். அடியிலிருந்து உச்சி இலை வரை ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். போன தடவையைவிட ஐந்து கூடுதல். நல்ல வளர்ச்சி. எழுதிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பக்கத்துப் பாத்தியின் செடிகளும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதுதான். ஆனால் அவற்றின் உச்சிகள் ஒரே மட்டமாக நிற்க, இந்தப் பாத்தியின் ஐந்து செடிகளும் ஒரு சாண் கீழே நின்றன. போன வாரம் எல்லாம் ஒரே மட்டமாக இருந்தன. அது அவளுக்கு நிச்சயம்.

டேப்பைக் கேட்டால் செடி வளர்ந்திருக்கிறது என்றது. கண்ணைக் கேட்டால் செடி இறங்கியிருக்கிறது என்றது. மறுபடி அளந்தாள். ஐம்பத்தெட்டுதான்.

அப்போதுதான் கேட்டது. காலடியில், மிக ஆழத்தில், யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்து நீளமாக மூச்சு விட்டார்கள். கூடவே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

டப்பாவில் மண்ணை அடைத்தாளே தவிர, குறிப்புகள் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? செடி வளர்ந்தது, ஆனால் குட்டையானது என்றா? கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றா? படித்த பெண் எழுதுகிற விஷயமா அது? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் வேகமாக நடந்தாள்.

அடுத்த முறை இருபத்து மூன்று பாத்திகளையும் ஒழுங்காக முடித்தவள், கடைசிப் பாத்தியின் வரப்பில் வந்து நின்றாள். கால் இறங்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கால் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் பாத்தியிலிருந்து இன்னொரு பிடி மண்ணை எடுத்து இருபத்து நான்காம் டப்பாவில் போட்டாள். மறுநாள் ஓவனிலிருந்து எடுத்து எடை போட்டபோது பத்தொன்பது புள்ளி ஒன்று என்று வந்தது. அதை எழுதினால் முந்தைய எண்களோடு ஒட்டாது. ஆகவே இருபத்து நான்கு புள்ளி மூன்று என்று எழுதினாள். எழுத்துக்கூடக் கோணவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்கடுத்த முறை இருபத்து நான்கு புள்ளி ஏழு. அதற்கும் அடுத்த முறை இருபத்து நான்கு புள்ளி ஒன்பது. உயரத்தை வரப்பில் நின்றபடியே கண்ணால் மட்டிட்டாள். பார்க்க அழகான எண்கள். படிப்படியாக ஏறின, எங்கும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழி, பருத்தி வயலில் பூச்சி எண்ணுகிறவள், விஷயம் தெரிந்து சிரித்தாள். "ஒரு பாத்திதானே? தசமமே இறங்கி வந்துட்டாளா! ஒன்னும் குடி முழுகிடாது, விடு."

ஐந்தாவது வாரம் மேலாளர் சரிபார்ப்புக்கு வந்தார். ஏதாவது ஐந்து பாத்திகளில் தானே மண் எடுத்து, மாணவர்களின் எண்ணோடு ஒப்பிடுவது அவர் வழக்கம். அவர் எடுத்த ஐந்தில் இருபத்து நான்கும் ஒன்று. மறுநாள் மதியம் ஆய்வகத்தில் தராசின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்த நாலும் உன்னோடதோட அப்படியே ஒத்துப்போகுது. இருபத்து நாலு மட்டும் எனக்குப் பதிமூணு புள்ளி எட்டு வருது. உனக்கு இருபத்து நாலு புள்ளி ஒம்பது."

அவள் டப்பாக்களை எண் வரிசையில் அடுக்கத் தொடங்கினாள்.

"நான்தான் டப்பாவை மாத்திட்டேன்போல" என்றார் அவர். "இல்ல, எடை போடறப்ப மூடியை மறந்திருப்பேன். வயசாகுதும்மா. உன் எண்ணைப் பாரு, எவ்வளவு சீரா இருக்கு! தண்ணி பாய்ச்சின மண்ணு ஒரே வாரத்துல இப்படிக் காயுமா? என்னோடதை விட்டுடறேன்." தன் தாளில் அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், பக்கத்தில் கையெழுத்திட்டார். "நாளைக்குக் காலைல செடிக்கு மண் அணைக்கறோம். சின்ன டிராக்டர் வருது. அடையாள அட்டையெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடு."

அவர் போன பிறகும் அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. அந்த எண் அவளை உறுத்தியது. இருபத்து நான்கு வரை ஏறிய ஈரம் பதிமூன்றுக்கு எப்படி இறங்கும்? தண்ணீரை நிறுத்தவில்லை. வெயிலும் அப்படி ஒன்றும் இல்லை. மேலே போகவில்லை என்றால் கீழேதான் போயிருக்க வேண்டும். கீழே போவதற்குக் கீழே இடம் இருக்க வேண்டும்.

சூடான மண். எழும்பும் பனி. ஒரு சாண் இறங்கிய செடிகள். பொலபொலவென்று உதிர்ந்த ஏதோ ஒன்று.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. "ஒன்னுமில்லம்மா, ஒரு அளவைத் தப்பா எழுதிட்டேன்." மெஷின் நின்றது. "வெட்டியாச்சா?" என்று கேட்டாள் அம்மா. "இன்னும் இல்லம்மா." "அப்புறம் என்ன, போய்ச் சொல்லிட்டு வா" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

காலை ஆறே முக்காலுக்கு அவள் மேலாளரின் அறை வாசலில் நின்றாள். அவர் இன்னும் வரவில்லை. டிராக்டர் கொட்டகைக்கு ஓடினாள். கொட்டகை காலி. வயல் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. பனியில் எதுவும் தெரியவில்லை. வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மேலாளர் மேலேயே மோதிக்கொண்டாள்.

"சார், இருபத்து நாலுல நான் எழுதினது பொய். மூணு தடவை. நான் இறங்கவே இல்ல. பயந்துட்டேன். உங்க எண்ணுதான் சரி சார், பதிமூணு புள்ளி எட்டுதான் நிஜம். அங்க தரை இறங்குது. செடியெல்லாம் ஒரு சாண் கீழ போயிருக்கு. கீழ வெத்திடம் இருக்கு சார், டிராக்டரை நிறுத்துங்க!"

அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயல்கிறவரின் முகம். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவளோடு ஓடினார்.

டிராக்டர் கடைசி வரிசைகளுக்கு வந்திருந்தது. பனிக்குள் மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. அவள் அதன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். வண்டி குலுங்கி நின்றது.

"என்னம்மா, வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கிற? உசுரு வெல்லமா இல்லையா?" என்று கத்தினார் டிரைவர் அண்ணன். "இன்னும் ரெண்டே வரிசை. முடிச்சுட்டு டீ குடிக்கப் போறேன்."

"எஞ்சினை நிறுத்துப்பா" என்றார் மேலாளர். "இறங்காத. அப்படியே பின்னால எடு. மெதுவா."

வண்டி பின்வாங்கிய பிறகு இரண்டு நீளப் பலகைகளைப் பாத்தியின் மேல் போட்டார்கள். எடை குறைந்தவள் நான்தான் என்று சொல்லி அவளே படுத்து நகர்ந்தாள். இடுப்பில் கயிறு, மறுமுனை டிரைவர் அண்ணன் கையில். ஆகரை மண்ணில் வைத்துத் திருகினாள். பதினைந்து. முப்பது. நாற்பத்தைந்து. எழுபதைத் தாண்டியதும் கையில் எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. பிடியை விட்டிருந்தால் ஆகர் தானாக உள்ளே போயிருக்கும். வெளியே இழுத்தாள். துளை வழியாகச் சூடான காற்று அவள் முகத்தில் பட்டது. அதே வாடை. ஒரு மண்ணாங்கட்டியை உள்ளே போட்டாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். பிறகு எங்கோ அடியில் தண்ணீர் ஒரு வார்த்தை பேசியது.

டிரைவர் அண்ணன் அவளைக் கயிற்றோடு இழுத்துக் கரையேற்றினார். பிறகு தன் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார், வரப்பில் உட்கார்ந்தார், வெகுநேரம் எழவில்லை.

அது ஒரு பழைய கிணறு. பண்ணை வருவதற்கு முன்பே யாரோ தூர்க்காமல் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. பக்கத்தில் போகும் பாசனக் குழாயின் இணைப்பில் கசிவு. அந்தத் தண்ணீர் முதலில் மண்ணை ஊறவைத்தது, பிறகு கட்டைகளின் இடுக்கு வழியாக மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கல் கட்டி இறக்கிய நாற்பதடிக் கயிறு முழுவதும் போயும் கல் தண்ணீரைத் தொடவில்லை. பண்ணையின் எந்த வரைபடத்திலும் அது இல்லை.

மேலாளர் அவளைத் திட்டவில்லை. களப்புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். மூன்று வரிகளின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டு, "அளவு எடுக்கவில்லை, எழுதியது கற்பனை" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு நான்காம் வாரத்தின் காலிக் கட்டத்துக்கு வந்தாள். அன்றைய தேதியைப் போட்டு, "பின்னர் எழுதியது" என்று குறித்து, தரை இறங்கியதையும் சத்தத்தையும் எழுதினாள்.

"இதே வயல்லதான் எப்பவும் சோதனை நடக்குமா சார்?" என்று கேட்டாள்.

"இதே வயல், இதே பாத்தி அமைப்பு. ரொம்ப வருஷமா."

அலமாரியில் பழைய புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துக் கடைசிப் பாத்தியின் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்தாறு புத்தகங்களை மேஜையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்தாள். மற்ற பாத்திகளின் எண்கள் ஏறின, இறங்கின, துருத்தின, உண்மையான மண்ணின் எண்கள் போலவே இருந்தன. கடைசிப் பாத்தியில் மட்டும், வேறு வேறு கையெழுத்தில், வேறு வேறு மையில், எண்கள் படிப்படியாக அழகாக ஏறிக்கொண்டே போயின. அவளுக்கு அந்த அழகு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காகப் பயிற்சிக்கு வந்த ஒருவரும் அங்கே இறங்கவே இல்லை. ஒவ்வொருவரும் தனியாக வந்து, வரப்பில் நின்று, கேட்டுவிட்டு, சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

அடியில் கிடந்த, ஓரம் செல்லரித்த ஒரு புத்தகத்தில் குறிப்புகள் கட்டத்தில் ஒரு சொல் இருந்தது. "சத்தம்." அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.

மேலாளர் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து" என்றார். "நானும் இங்கதான் பயிற்சிக்கு வந்தேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு." பக்கத்தை விரலால் தடவினார். "எனக்கு ஞாபகமே இல்லம்மா. நிஜமாவே இல்ல. எழுதினதும் ஞாபகம் இல்ல, அடிச்சதும் ஞாபகம் இல்ல."

அவளுடைய பயிற்சி அந்த வருஷம் தேறவில்லை. நடந்ததைக் கல்லூரிக்கு எழுதும்போது அவர் பொய்யையும் மறைக்கவில்லை, அவளே வந்து சொன்னதையும் மறைக்கவில்லை. அடுத்த பருவத்தில் எட்டு வாரத்தையும் முதலிலிருந்து செய்தாள். தோழி அதற்குள் பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டாள். கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு அடியிலிருந்து தூர்த்து, சுற்றிலும் வேலி கட்டி, பாத்திகளை இருபத்து மூன்றோடு நிறுத்தியிருந்தார்கள்.

இன்று அவள் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். அவள் அனுப்பும் அறிக்கைகளில் அங்கங்கே "எடுக்கவில்லை", "தெரியவில்லை" என்றிருக்கும். மேலிடத்தில் அதற்காக முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாகத் தெரிகிறதாம். "அசிங்கமா இருக்கட்டும் சார்" என்பாள். வேறு விளக்கம் சொல்ல மாட்டாள். வயலுக்குப் போகும் நாட்களில் கடைசிப் பாத்தியில்தான் தொடங்குகிறாள். ஆகரைத் திருகுவதற்கு முன் கொஞ்ச நேரம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அசையாமல் குந்தியிருப்பாள். என்ன பார்க்கிறாள் என்று கூட வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. அவள் எதையும் பார்ப்பதில்லை.